வீட்டுக்கடன் சான்றிதழ்: ஒரே வருஷத்தில் கட்டிய முதலையும் வட்டியையும் பிரிப்பது எப்படி? நடுவில் 50,000 கூடுதலாகக் கட்டியிருக்கிறேன்

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | 12 பிப்ரவரி 2025, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மார்ச் சம்பள பில்லுக்கு முன்னால் வருமான வரிக் கணக்கைக் கொடுக்கச் சொல்லி எச்.எம். கேட்டிருக்கிறார். வீட்டுக்கடன் எங்கள் ஊர்ப் பக்கத்து கூட்டுறவு அமைப்பான சர்வீஸ் சகரண வங்கியில். பெரிய பேங்க் மாதிரி ஆப்பில் சான்றிதழ் இறக்கிக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. 2022-ல் கடன் கொடுத்தபோது அச்சடித்த தவணை அட்டவணையை மறுபடி ஒரு பிரதி எடுத்துக் கொடுத்து, "டீச்சரே கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு வாங்க, செக்ரட்டரி ஒப்புப் போடுவார்" என்றார்கள்.

விவரம்: கடன் 20 லட்சம். நிலையான வட்டி 9 சதவீதம். 240 தவணை. மாதம் 17,995. முதல் தவணை 2022 ஜூலை 5. இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. போன அக்டோபர் 5-ம் தேதி குறி கிடைத்த பணத்தில் 50,000 கூடுதலாகக் கட்டினேன். தவணைத் தொகையைக் குறைக்கவில்லை, அப்படியே கட்டிக்கொண்டு வருகிறேன்.

அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் வருஷவாரி மொத்தம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு வட்டி 1,74,966. மூன்றாம் ஆண்டு 1,71,122. கவுண்டரில் இருந்த பையன் மூன்றாம் ஆண்டை எழுதச் சொன்னார். எனக்குச் சரியாகப் படவில்லை. 2024-25-க்கு எதை எழுத வேண்டும்? 50,000-ஐ எங்கே சேர்ப்பது?

பழைய வரி முறையில்தான் இருக்கிறேன். பி.எப்., எஸ்.எல்.ஐ. எல்லாம் சேர்ந்து 80சி-யின் 1,50,000 ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

---

மூலத்தறை | 12 பிப்ரவரி 2025, இரவு 9:05

டீச்சர், எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இந்த பட்ஜெட்டில் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று சொல்லிவிட்டார்களே. புது முறைக்கு மாறிவிடுங்கள். வீட்டுக்கடன் பேப்பரே தேவையில்லை.

---

வரிப்பக்கம் | 12 பிப்ரவரி 2025, இரவு 9:22

மூலத்தறை, அது வரும் ஏப்ரலில் தொடங்கும் 2025-26 வருமானத்துக்கு. டீச்சர் கேட்பது 2024-25. இந்த வருஷத்தில் புது முறையில் 7 லட்சம் வரைக்கும்தான் வரி முழுசாகத் தள்ளுபடி ஆகும். சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கான வட்டியைப் புது முறையில் கழிக்கவும் முடியாது.

டீச்சர், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று சொன்னால் எது லாபம் என்று பார்க்கலாம்.

---

எல்லைக்காற்று | 12 பிப்ரவரி 2025, இரவு 9:48

டீச்சர், நான் வேலந்தாவளம். கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை. இது எக்செலில் ஒரு வரி வேலை.

முதலில், அந்த வருஷவாரி மொத்தம் ரெண்டுமே வேண்டாம். உங்கள் அட்டவணையின் "ஆண்டு" ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2022 ஜூலை 1-ம் தவணை என்றால் 2023 மார்ச் 9-ம் தவணை, 2024 மார்ச் 21-ம் தவணை. ஆக இந்த வரி ஆண்டுக்கு 22-ம் தவணையிலிருந்து 33-ம் தவணை வரை. இதைப் போடுங்கள்:

```
=-CUMIPMT(9%/12,240,2000000,22,33,0)
=-CUMPRINC(9%/12,240,2000000,22,33,0)
```

முன்னால் கழித்தல் குறி இல்லாவிட்டால் விடை மைனஸில் வரும். கூகுள் ஷீட்டிலும் இதே வரிசைதான்.

வட்டி 1,72,117. முதல் 43,817. நீங்கள் கூடுதலாகக் கட்டிய 50,000 முழுக்க முதலுக்குத்தான் போகும், ஆகவே முதல் 93,817. ரெண்டையும் கூட்டினால் 2,65,934. நீங்கள் கட்டியது 12 தவணை 2,15,940, அதோடு 50,000, மொத்தம் 2,65,940. 6 ரூபாய் வித்தியாசம், தவணையை முழு ரூபாய்க்கு ஏற்றியதால் வருவது. கணக்கு டேலி. அப்படியே எழுதிக் கொடுங்கள்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | 12 பிப்ரவரி 2025, இரவு 10:10

ரொம்ப நன்றி தம்பி. ஜூலை–ஜூன் விஷயம் இப்போதுதான் புரிந்தது.

வரிப்பக்கம் சார், மொத்தச் சம்பளம் 8,73,500. நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, 80சி 1,50,000 போனால் 6,71,000. அதில் 1,72,117 போனால் 4,98,883. 5 லட்சத்துக்குள் வந்துவிட்டது, வரியே வராது இல்லையா?

---

பழைய லெட்ஜர் | 13 பிப்ரவரி 2025, காலை 6:15

டீச்சர், அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நான் நெம்மாறைப் பக்கம். சகரண வங்கியில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவன். தம்பி போட்ட கணக்கில் தவணை எண் சரி, சூத்திரம் சரி. ஆனால் வட்டி சரியில்லை.

மொத்தம் டேலி ஆகிறது என்பதை நம்ப முடியாது. 50,000-ஐ முதலில் கூட்டினால், கட்டிய பணத்திலும் அதே 50,000 இருப்பதால், எப்படிப் பிரித்தாலும் மொத்தம் ஒத்துத்தான் போகும். பிரித்தது தப்பா சரியா என்று அந்தக் கூட்டல் சொல்லாது.

அட்டவணை 2022-ல் அச்சடித்தது. அக்டோபரில் நீங்கள் 50,000 கட்டப் போவது அதற்குத் தெரியாது, தம்பியின் சூத்திரத்துக்கும் தெரியாது. அக்டோபர் 5-ம் தேதி தவணை போனபின் அட்டவணைப்படி பாக்கி 19,07,070. உங்கள் 50,000 போக 18,57,070. நவம்பர் தவணைக்கு வட்டி இந்த 18,57,070-க்குத்தான் போட வேண்டும். மாதம் முக்கால் சதவீதம், 13,928. அட்டவணையில் பார்த்தால் 14,303 இருக்கும். ஒரே மாதத்தில் 375 ரூபாய் வித்தியாசம். தவணை அதே 17,995 என்பதால் அந்த 375 முதலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த மாதம் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து தவணையில் மொத்தம் 1,903 ரூபாய் வட்டியிலிருந்து முதலுக்கு நகர்ந்துவிட்டது.

ஆகவே வட்டி 1,70,212. முதல் 95,728.

ஆனால் இதையும் நீங்கள் என் பேச்சை நம்பி எழுத வேண்டாம். பாஸ்புக்கை எடுங்கள். போன வருஷம் மார்ச் தவணை கட்டியபின் இருந்த பாக்கி எவ்வளவு? இந்த பிப்ரவரி 5-ம் தேதி கட்டியபின் பாக்கி எவ்வளவு? நவம்பரில் வட்டிக்கான "பலிச" என்ற கட்டத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்? மூன்றையும் இங்கே போடுங்கள்.

---

எல்லைக்காற்று | 13 பிப்ரவரி 2025, காலை 8:30

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. சூத்திரம் கடன் தொடங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரி ஓடியதாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெறும் 1,903 ரூபாய்தானே? வரியில் பார்த்தால் சில நூறு ரூபாய். அதற்காக டீச்சரை வங்கிக்கு அலையவிட வேண்டுமா?

---

வரிப்பக்கம் | 13 பிப்ரவரி 2025, காலை 9:05

டீச்சர் விஷயத்தில் சில நூறு இல்லை தம்பி, கிட்டத்தட்ட 13,000 ரூபாய்.

பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஒரு பத்து ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும், 12,500-லிருந்து வரி தொடங்கும். வட்டி 1,70,212 என்றால் 6,71,000-ல் மீதி 5,00,788. பத்தின் மடங்காக்கினால் 5,00,790. வரி 12,658, நான்கு சதவீத செஸ் சேர்த்தால் 13,160. 1,72,117 என்று எழுதினால் 4,98,883, வரி இல்லை. நாளைக்கு வங்கியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து நோட்டீஸ் வந்தால் அந்த 13,160-ஐ வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

புது முறைக்கு மாறினாலும் பலன் இல்லை. 75,000 நிலையான கழிவு போக 7,98,500. செஸ் சேர்த்து வரி 31,000-க்கு மேல்.

டீச்சர், ஒன்று கேட்கிறேன். உங்கள் சம்பளத்தில் மெடிசெப்புக்கு மாதம் 500 பிடிக்கிறார்களே, அதைக் கழித்தீர்களா? நீங்கள் போட்ட கணக்கில் காணவில்லை.

---

குமுளி ஏலம் | 13 பிப்ரவரி 2025, காலை 10:40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒரு குழப்பம். வண்டிப்பெரியாறு பக்கம் வீடு கட்டினோம். கடன் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள், வாங்கியதுக்கு வெறும் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். போன டிசம்பரில்தான் வீடு முடிந்து குடி போனோம். 2024 மார்ச் வரைக்கும் கட்டிய வட்டி 1,10,000 இருக்கும். அது போனது போனதுதானா? அட்டவணையில் அந்தப் பணமே இல்லை, அது முழுத் தவணை தொடங்கிய மாதத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

---

வரிப்பக்கம் | 13 பிப்ரவரி 2025, காலை 11:15

போகவில்லை. வீடு முடிந்த வருஷத்துக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியை ஐந்து சமபாகமாக்கி, முடிந்த வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு பாகம் எடுக்கலாம். உங்களுக்கு 2024-25-லிருந்து ஐந்து வருஷம், வருஷத்துக்கு 22,000. 2024 ஏப்ரலுக்குப் பின் கட்டிய வட்டியை, டிசம்பருக்கு முந்தினதாக இருந்தாலும், இந்த வருஷத்து வட்டியாகவே முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டும் சேர்ந்து 2 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது.

அட்டவணையில் அது வராதுதான். வங்கியில் கேட்கும்போது 2024 மார்ச் 31 வரை தனியாக ஒரு தொகை, அதற்குப் பின் தனியாக ஒரு தொகை என்று ரெண்டு வரியாக எழுதி வாங்குங்கள். முழுத் தவணைக்கு முந்திய வட்டியை விட்டுவிட்டுச் சான்றிதழ் அடிப்பது சகஜம்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | 13 பிப்ரவரி 2025, மாலை 5:50

பள்ளிக்கூடம் விட்டு நேராக வங்கிக்குப் போய் லெட்ஜர் பிரதி வாங்கி வந்தேன். பாஸ்புக்கில் நவம்பருக்குப் பின் பதியவே இல்லை.

2024 மார்ச் 5-ம் தேதி தவணைக்குப் பின் பாக்கி: 19,32,156.
நவம்பர் 5 வரியில் பலிச: 13,928.
2025 பிப்ரவரி 5-ம் தேதி தவணைக்குப் பின் பாக்கி: 18,40,619.

அண்ணா சொன்ன 13,928 அப்படியே இருக்கிறது! மெடிசெப்பை நான் கழிக்கவே இல்லை. ஸ்பார்க் பில்லில் தனியாகப் பிடிப்பதால் கவனத்தில் வரவில்லை. 80டி-யில் வருமா அது?

---

வரிப்பக்கம் | 13 பிப்ரவரி 2025, மாலை 6:20

வரும். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம்தான், சம்பளத்தில் பிடித்ததால் ரொக்கமும் இல்லை. வருஷத்துக்கு 6,000. 5,00,788-ல் அது போக 4,94,788. வரி இல்லை. இனி நீங்கள் நிஜமான வட்டியைத் தயக்கமில்லாமல் எழுதலாம்.

---

பழைய லெட்ஜர் | 13 பிப்ரவரி 2025, இரவு 7:10

நல்ல செய்தி. நவம்பர் வட்டி குறைந்திருப்பது ரொம்ப முக்கியம் டீச்சர். சில இடங்களில் இப்படிக் கூடுதலாகக் கட்டிய பணத்தை அசலில் வரவு வைக்காமல் "அட்வான்ஸ் தவணை" என்று தனியாக நிறுத்திவிடுவார்கள். அப்படி ஆகியிருந்தால் நவம்பரில் 14,303 என்றே இருக்கும், பாக்கியும் குறைந்திருக்காது. கூடுதலாகக் கட்டியவர் யாராக இருந்தாலும் அடுத்த மாத வட்டி வரியைப் பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றைக்கே போய் எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டும்போதே சலானில் "முதலில் வரவு" என்று எழுதிவிடுவது நல்லது.

இப்போது கணக்கு. சூத்திரம், அட்டவணை ரெண்டையும் ஓரமாக வையுங்கள். தேவை மூன்றே எண்கள்: வருஷத் தொடக்கத்துப் பாக்கி, வருஷக் கடைசிப் பாக்கி, வருஷத்தில் நீங்கள் கட்டிய மொத்தப் பணம். தொடக்கப் பாக்கியில் கடைசிப் பாக்கியைக் கழித்தால் முதல். கட்டிய பணத்தில் அந்த முதலைக் கழித்தால் வட்டி. நடுவில் கூடுதலாகக் கட்டினாலும், வட்டி விகிதம் மாறினாலும், தவணை மாறினாலும் இது தப்பாது, ஏனென்றால் நடந்ததெல்லாம் அந்தப் பாக்கிக்குள் வந்துவிடுகிறது. கடனிலேயே ஏற்றிய அபராத வட்டி, இன்ஷூரன்ஸ் தொகை ஏதாவது இருந்தால் மட்டும் அதைத் தனியே பிரித்து எடுக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மார்ச் தவணை இன்னும் வரவில்லை. 18,40,619-க்கு ஒரு மாத வட்டி 13,805. 17,995-ல் அது போக முதல் 4,190. மார்ச் 5-க்குப் பின் பாக்கி 18,36,428 அல்லது 29, ரவுண்டிங்கைப் பொறுத்து. 19,32,156-ல் 18,36,428 போனால் முதல் 95,728. கட்டியது 2,65,940. மீதி வட்டி 1,70,212.

தம்பியின் 93,817-ஐ இதே சோதனையில் வைத்துப் பாருங்கள். 19,32,156-ல் அது போனால் கடைசிப் பாக்கி 18,38,339 வர வேண்டும். லெட்ஜரில் அப்படி ஒரு பாக்கி வரப் போவதே இல்லை. கூட்டல் டேலி ஆகி மறைத்த தப்பை இந்தப் பாக்கி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

---

எல்லைக்காற்று | 13 பிப்ரவரி 2025, இரவு 8:00

புரிந்தது அண்ணா. சூத்திரத்தை வைத்தே செய்வதென்றால் அக்டோபரில் உடைக்க வேண்டும்: 22 முதல் 28 வரை பழைய கடன், அதன்பின் 18,57,070-க்குப் புதுக் கணக்கு. அதற்கு மீதித் தவணை எத்தனை என்று NPER-இல் எடுத்தால் முழு எண்ணாக வராது, CUMIPMT பின்னத்தை வெட்டிவிடும். மாதம் ஒரு வரியாக இறக்குவதுதான் சுத்தம். இப்போது ஷீட் போட்டுப் பார்த்தேன், 1,70,212 வருகிறது.

இன்னொன்று. என் கடன் ரெப்போவோடு கட்டியது. ரிசர்வ் வங்கி இந்த 7-ம் தேதி 6.50-லிருந்து 6.25 ஆக்கியிருக்கிறது. என் சான்றிதழ் ஜனவரியிலேயே எடுத்தது. மார்ச்சில் விகிதம் மாறினால் அதுவும் தப்பாகிவிடுமே?

---

பழைய லெட்ஜர் | 13 பிப்ரவரி 2025, இரவு 8:35

ஆகும். ஜனவரியில் கொடுத்தது உத்தேசச் சான்றிதழ். மீதி மாதங்களும் அதே வட்டியில், அதே தேதியில் ஓடும் என்று நினைத்துப் போட்டது. ஆபீசுக்கு அதைக் கொடுங்கள். ஏப்ரலுக்குப் பின் இறுதிச் சான்றிதழை எடுத்து, ரிட்டர்னில் அதில் உள்ளதை எழுதுங்கள்.

டீச்சருக்கும் அதேதான். இப்போது கொடுக்கும் தாளில் "மார்ச் 2025 தவணை உட்பட, உத்தேசம்" என்று ஒரு வரி இருக்கட்டும். நீங்கள் போட்ட கணக்குத் தாளை மட்டும் எச்.எம்.-இடம் கொடுக்காதீர்கள். வட்டி எவ்வளவு என்று கடன் கொடுத்தவர் எழுதிய சான்று வேண்டும் என்பது சட்டம். வங்கியின் லெட்டர்பேடில் உங்கள் பெயர், கடன் எண், வீட்டின் விவரம், 1.4.2024 முதல் 31.3.2025 வரை என்ற காலம், வட்டி, முதல், கடைசிப் பாக்கி எல்லாம் எழுதி, செக்ரட்டரி ஒப்பும் சீலும் வாங்குங்கள். வங்கியின் பான் எண்ணும் அதிலேயே இருக்கட்டும், 12பிபி படிவத்தில் கேட்பார்கள்.

---

மீனாட்சிபுரம்காரன் | 14 பிப்ரவரி 2025, காலை 7:30

எனக்கு 80சி நிரம்பவில்லை. நானும் சர்வீஸ் சகரண வங்கியில்தான் கடன் வாங்கியிருக்கிறேன். டீச்சருக்கு முதல் எவ்வளவு என்றாலும் ஒன்றுதான், ஆனால் எனக்கு முதல்தான் முக்கியம். கூடுதலாகக் கட்டியதையும் 80சி-யில் சேர்க்கலாமா?

---

வரிப்பக்கம் | 14 பிப்ரவரி 2025, காலை 9:40

கூடுதலாகக் கட்டியது முதல் திருப்பிக் கட்டியதுதான், சேர்க்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் வேறொரு சிக்கல் இருக்கிறது.

வட்டிக் கழிவுக்குக் கடன் யார் கொடுத்தாலும் பிரச்சினை இல்லை, சொந்தக்காரரிடம் வாங்கினாலும் செல்லும். முதலுக்கு அப்படி இல்லை. யாரிடம் வாங்கியது என்று 80சி-யில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் கூட்டுறவு வங்கியும் உண்டு. ஆனால் நம்மூர் சர்வீஸ் சகரண வங்கிகளில் பெரும்பாலானவை பெயரில்தான் வங்கி, பதிவில் தொடக்க வேளாண் கடன் சங்கம். ரிசர்வ் வங்கி லைசென்ஸ் கிடையாது. 2021 ஜனவரியில் மாவிலாயி சர்வீஸ் சகரண வங்கி வழக்கில், லைசென்ஸ் இல்லாத இப்படிப்பட்ட சங்கங்களைக் கூட்டுறவு வங்கி என்று சொல்லி, சங்கத்தின் வருமானத்துக்கான 80பி சலுகையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கங்களுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அதே வாதத்தை அதிகாரி உங்கள் பக்கம் திருப்பினால், வங்கி இல்லை என்றால் 80சி எப்படி என்று கேட்கலாம்.

---

பழைய லெட்ஜர் | 14 பிப்ரவரி 2025, காலை 10:20

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தீர்ப்பு 80பி-க்கு. நான் வேலை பார்த்த காலம் முழுக்க வாத்தியார்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் முதல், வட்டி ரெண்டும் எழுதிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். ஒருத்தருக்கும் தள்ளவில்லை. கடன் வாங்கி வீடு கட்டிய சாதாரணக்காரனுக்கு ஒரு பிரிவின் வார்த்தையை வைத்து இன்னொரு பிரிவில் கதவடைப்பது நியாயமும் இல்லை.

---

வரிப்பக்கம் | 14 பிப்ரவரி 2025, காலை 10:45

நியாயம் உங்கள் பக்கம்தான் அண்ணா. ஆனால் ஆபீசில் தள்ளாமல் ஏற்றுக்கொள்வது வேறு, ஸ்க்ரூட்டினியில் நிற்பது வேறு. மீனாட்சிபுரம்காரரே, உங்கள் சங்கத்துக்கு ரிசர்வ் வங்கி லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் ஒரு பேச்சும் இல்லை. இல்லாவிட்டால், வேறு சேமிப்பை வைத்து 80சி-யை நிரப்ப வழி உண்டா என்று பார்ப்பதுதான் நான் சொல்லக்கூடியது.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | 19 ஏப்ரல் 2025, இரவு 7:30

பிப்ரவரியில் உத்தேசச் சான்றிதழில் செக்ரட்டரி 1,70,212, 95,728 என்றே ஒப்புப் போட்டுக் கொடுத்தார். எச்.எம். வாங்கிக்கொண்டார், மார்ச்சில் வரி பிடிக்கவில்லை. மெடிசெப்பையும் சேர்த்துவிட்டேன்.

இப்போது இறுதிச் சான்றிதழுக்குப் போனால் அங்கே புதிதாக வந்திருக்கும் அக்கவுண்டன்ட் வேறு மாதிரி சொல்கிறார். மார்ச் 5-ம் தேதிக்குப் பின் 31 வரைக்கும் ஓடிய வட்டியும் இந்த வருஷத்துக்குத்தான், அதைக் கூட்டி எழுத வேண்டும் என்கிறார். கிட்டத்தட்ட 11,500 கூடுகிறது. கூட்டலாமா?

---

பழைய லெட்ஜர் | 20 ஏப்ரல் 2025, காலை 6:30

அவர் சொல்வதில் பாதி சரி. சட்டத்தில் வட்டிக்கு "கட்ட வேண்டியது" என்றுதான் இருக்கிறது, கட்டியது என்று இல்லை. தவணை தவறினால்கூட அந்த வருஷத்து வட்டியை எடுத்துக்கொள்ளலாம், முதலைத்தான் கட்டினால் மட்டும் எடுக்க முடியும். அந்தக் கணக்கில் மார்ச் 31 வரை ஓடியது இந்த வருஷத்து வட்டிதான்.

ஆனால் கடைசியில் கூட்டினால் தொடக்கத்தில் கழிக்கவும் வேண்டும். 2024 ஏப்ரல் 5-ம் தேதி தவணையில் உள்ள வட்டி 14,491. அதில் பெரும்பகுதி 2024 மார்ச் மாதத்தில் ஓடியது, அது போன வருஷத்துக்கு உரியது. அதைக் கழிக்காமல் இதை மட்டும் கூட்டினால் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் கிட்டத்தட்ட பதின்மூன்று மாத வட்டி எழுதியதாக ஆகிவிடும். ரெண்டு பக்கமும் செய்தால் வித்தியாசம் அறுநூறு ரூபாய் அளவில்தான், அதுவும் கூடாது, குறையும். 1,69,600 சுற்றி வரும். பாக்கி குறைந்துகொண்டே வருவதால் இந்த மார்ச்சின் வட்டி போன மார்ச்சின் வட்டியைவிடக் குறைவு.

எந்த முறை என்பதை வங்கி முடிவு செய்யட்டும். ஆனால் போன வருஷச் சான்றிதழ் எந்த முறையில் கொடுத்தார்களோ அதே முறையில் இதுவும் இருக்க வேண்டும். போன வருஷம் தவணைத் தேதிப்படி கொடுத்துவிட்டு இந்த வருஷம் மார்ச் 31 வரை என்று மாற்றினால், நடுவில் ஒரு மார்ச் மாத வட்டி ரெண்டு சான்றிதழிலும் ஏறிவிடும். போன வருஷத்துத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

---

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | 22 ஏப்ரல் 2025, மாலை 6:05

போன வருஷத் தாளைக் காட்டினேன் அண்ணா. அதில் கடைசிப் பாக்கி 19,32,156 என்று இருந்தது, அதாவது தவணைத் தேதிப்படி. அதைப் பார்த்ததும் அக்கவுண்டன்டே ஒத்துக்கொண்டு 1,70,212 என்றே அடித்துக் கொடுத்தார். கடைசிப் பாக்கி 18,36,428. அந்த எண்ணை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

---

மீனாட்சிபுரம்காரன் | 22 ஏப்ரல் 2025, இரவு 9:15

எங்கள் சங்கத்துக்கு ரிசர்வ் வங்கி லைசென்ஸ் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஆபீசில் முதலை 80சி-யில் ஏற்றுக்கொண்டார்கள். ரிட்டர்னில் போடுவதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. 80சி-யில் சர்வீஸ் சகரண வங்கி என்ற காரணத்துக்காகவே யாருக்காவது தள்ளியிருந்தாலோ, கேள்வி கேட்டு அனுமதித்திருந்தாலோ அந்த ஆர்டரை இங்கே போடுங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துப் போட்டால் போதும்.